வீடு ஏன் காலியாவே கிடக்கு? பார்வை, போன், நேர்ல வந்தவங்க: எந்த இடத்துல ஆள் நழுவுறாங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

[திரையில்: காலி ஹால். ஜன்னல் கம்பியில தொங்குற "வாடகைக்கு" அட்டை.]

வீடு ரெண்டு மாசமா காலியா கிடந்தா, சொந்தக்காரர் முதல்ல தொடுறது வாடகையைத்தான். "ஆயிரம் ரூபா குறைச்சுப் பாப்போம்"ங்கறாங்க. சில சமயம் அது சரியான முடிவுதான். ஆனா பல வீடுகள்ல குறை வேற எங்கயோ இருக்கும். ஆயிரம் போனதுக்கப்புறமும் வீடு காலியாவே கிடக்கும்.

குறை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க நாலு எண் போதும். விளம்பரத்தை எத்தனை பேர் திறந்து பாத்தாங்க, அதுல எத்தனை பேர் போன் பண்ணாங்க, எத்தனை பேர் நேர்ல வந்தாங்க, எத்தனை பேர் டோக்கன் கொடுத்தாங்க. முதல் எண் நீங்க விளம்பரம் போட்ட தளத்துலயே உங்க பக்கத்துல இருக்கும். மத்த மூணையும் ஒரு நோட்டுல நீங்கதான் எழுதணும்.

[திரையில்: நோட்டுப் பக்கம். தேதி, பெயர், ஃபேமிலியா புரோக்கரா, என்ன கேட்டாங்க, எப்ப வர்றதா சொன்னாங்க, வந்தாங்களா.]

தளம் காட்டுற "தொடர்பு" எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்காதீங்க. உங்க நம்பரைப் பாத்தவங்க எல்லாரும் அந்தக் கணக்குல வந்துடுவாங்க. "சார், கிளையன்ட் ரெடியா இருக்காங்க"ன்னு பேசுற புரோக்கர்கள் அதுல ஒரு பெரிய பங்கு. நம்பரை எடுத்துட்டு கூப்பிடாதவங்களும் இருப்பாங்க. வீடு தேடிக் கூப்பிட்ட ஆளை மட்டும் எண்ணுங்க. பார்வையிலயும் இப்படித்தான், நீங்களும் உங்க மச்சானும் தினம் திறந்து பாக்கறதும் சேர்ந்திருக்கும்.

ஒரு உதாரண வீட்டை வச்சு கணக்குப் போடுவோம். வேளச்சேரி, ரெண்டு பெட்ரூம், 950 சதுர அடி, ரெண்டாவது மாடி. வாடகை 24,000, மெயின்டனன்ஸ் 2,000, அட்வான்ஸ் 1,20,000. ஜூன் முதல் தேதி விளம்பரம் போட்டாங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி வீடு மாறணும்னு ஏப்ரல், மே மாசத்துல அலையுற கூட்டம் அப்பவே ஓய்ஞ்சிருக்கும். அதையும் மனசுல வச்சுக்குங்க.

[திரையில்: ஜூன் 1 முதல் 30 வரை. பார்வை 620. நம்பர் எடுத்தவங்க 34. புரோக்கர் 13. பேசாதவங்க 4. குடும்பங்கள் 17. வர்றோம்னு சொன்னவங்க 12. வந்தவங்க 4. டோக்கன் 0.]

இந்த எண்களைப் பாத்தா வாடகை அதிகம்னு தோணுதா? வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ் எல்லாமே விளம்பரத்துல இருக்கு. அதைப் படிச்சதுக்கு அப்புறமும் 17 குடும்பம் போன் பண்ணியிருக்கு. வாடகை எட்டாத உயரத்துல இருந்தா இவங்க போனையே எடுத்திருக்க மாட்டாங்க. வாடகை அதிகமான வீட்டுல பார்வை நிறைய இருக்கும், போன் வராது. விலையில இருக்கற குறை முக்கியமா அந்த இடத்துலதான் தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பார்வையே குறைஞ்சு கிடந்தாலும் காரணம் விலையா இருக்கலாம். தேடுறவங்க 20,000, 25,000னு முழு எண்ணாத்தான் மேல்வரம்பு வைப்பாங்க. 25,500ன்னு போட்ட வீடு 25,000 வரைக்கும் தேடுறவர் கண்ணுலயே படாது. வரைபடத்துல வேற தெருவுல புள்ளி வைக்கறது, பார்க்கிங், ஃபர்னிஷிங் கட்டங்களை நிரப்பாம விடறது, "ஃபேமிலி மட்டும்"னு அழுத்திட்டு பேச்சிலர் வரலைன்னு காத்திருக்கறது, இதெல்லாமும் பார்வையைக் குறைக்கும். பத்து நிமிஷத்துல சரிபண்ணிடலாம்.

நம்ம வேளச்சேரி வீட்டுல ஓட்டை அதுக்கப்புறம் இருக்கு. 17 பேர் பேசி 4 பேர்தான் வந்திருக்காங்க. நோட்டுல "என்ன கேட்டாங்க"ங்கற பத்தியைப் படிச்சா விஷயம் புரியும்.

போன்லயே கழன்ட 5 பேர்ல 3 பேர் கேட்டது கார் பார்க்கிங். விளம்பரத்துல "பார்க்கிங் உண்டு"ன்னு இருக்கு. உண்மையில உள்ள பைக் நிறுத்தலாம், கார் தெருவுலதான். விளம்பரம் ஒண்ணு சொல்லுது, போன்ல வேற ஒண்ணு வருது. அந்த இடத்துல ஆள் பேச்சை முடிச்சுடறார். இன்னும் ரெண்டு பேர் கேட்டது தண்ணி. போர் தண்ணி உப்பா, மெட்ரோ வாட்டர் வருதா, லாரி வாங்கினா அந்தக் காசு மெயின்டனன்ஸ்ல சேர்ந்ததா. "வந்து பாருங்க, பேசிக்கலாம்"ங்கறது இதுக்குப் பதில் ஆகாது.

மிச்சம் 12 பேர் வர்றோம்னு சொல்லி 8 பேர் வரலை. சாவி தாம்பரத்துல சொந்தக்காரர் கிட்ட. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேலதான் திறப்பார். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டவருக்கு ஞாயிறு அஞ்சு நாள் தள்ளி இருக்கு. வீடு அவசரமா வேணும்ங்கற ஆள் அதுக்குள்ள வேற எங்கயாவது அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

[திரையில்: சாவி கீழ்வீட்டு ஆணியில மாட்டப்படுது.]

இங்க 1,000 ரூபா குறைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? போன் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். அவங்களும் ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருந்து காணாம போயிருப்பாங்க.

அதனால வாடகையைத் தொடாம ரெண்டு மாத்தம் மட்டும் செஞ்சாங்க. சாவி தரைத்தளத்து வீட்டுல, தினம் சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் பாக்கலாம். விளம்பரத்துல "பைக் உள்ளே, கார் தெருவில். குளிக்க, துவைக்க போர் தண்ணி, குடிக்க மெட்ரோ வாட்டர்"னு தெளிவா எழுதினாங்க.

[திரையில்: ஜூலை 1 முதல் 15 வரை. பார்வை 270. குடும்பங்கள் 6. வர்றோம்னு சொன்னவங்க 6. வந்தவங்க 5. டோக்கன் 0.]

போன் குறைஞ்சிருக்கு. கவலைப்பட வேண்டாம். கார் வச்சிருக்கறவங்க இப்ப கூப்பிடறதில்லை, அவ்வளவுதான். கூப்பிட்ட ஆறு பேர்ல அஞ்சு பேர் வந்திருக்காங்க. போன் எண்ணிக்கை மட்டும் பாத்து "விளம்பரம் கெட்டுப்போச்சு"ன்னு பழைய வாசகத்தைத் திருப்பிப் போடறவங்க நிறைய பேர்.

இப்பத்தான் அடுத்த ஓட்டை கண்ணுக்குத் தெரியுது. முதல் மாசம் நாலு பேர் வந்து யாரும் எடுக்கலைன்னா அதுல ஒண்ணும் சொல்ல முடியாது, நாலு பேருக்கும் தற்செயலா பிடிக்காம போயிருக்கலாம். இப்ப மொத்தம் 9 பேர். எட்டுப் பத்துப் பேர் வந்து பாத்தும் ஒருத்தர்கூட பேரம் பேசலைன்னா வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு. பேரம்ங்கற வார்த்தையை கவனிங்க. வீடு பிடிச்சவர் சும்மா போக மாட்டார். "அட்வான்ஸ் கொஞ்சம் குறைக்கலாமா, கட்டில் இந்தப் பக்கம் போடலாமா, இ.பி. மீட்டர் தனியா"ன்னு கேட்பார். பிடிக்காதவர் நாலு நிமிஷத்துல "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்"னு செருப்பை மாட்டுவார்.

வந்தவங்களுக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு போன் போடுங்க. "ஏன் பிடிக்கலை"ன்னு கேட்டா மரியாதைக்கு "வாடகை கொஞ்சம் அதிகம்"னுதான் சொல்லுவாங்க. சுவர்ல ஈரம்னு உங்க முகத்துக்கு நேரா சொல்ல கூச்சமா இருக்கும். அதனால கேள்வியை மாத்துங்க: "வேற வீடு அமைஞ்சுதா? எந்தப் பக்கம்? என்ன வாடகை?" இதுக்கு உண்மையான பதில் வரும். நம்ம உதாரணத்துல ரெண்டு பேர் ஏற்கனவே முடிச்சிட்டாங்க. ஒருத்தர் 23,500க்கு, இன்னொருத்தர் 25,000க்கு, ரெண்டும் பக்கத்துத் தெருக்கள்லதான். உங்க வீட்டைப் பாத்துட்டு கிட்டத்தட்ட அதே வாடகைக்கு வேற வீடு எடுத்திருக்காங்கன்னா, அவங்களைத் துரத்தினது வாடகை இல்லை.

[திரையில்: விளம்பரப் படத்துல பெட்ரூம் சுவர். பக்கத்துலயே இன்னைக்கு எடுத்த அதே சுவர்.]

படம் மூணு வருஷத்துக்கு முன்னாடி, பெயின்ட் அடிச்ச புதுசுல எடுத்தது. இன்னைக்கு பெட்ரூமோட கீழ்ச்சுவர் ஊறி, பெயின்ட் பொரிஞ்சு நிக்குது. பாத்ரூம் டைல்ஸ்லயும் குழாயிலயும் உப்புத் தண்ணி வெள்ளையா படிஞ்சிருக்கு. படத்தை நம்பி வந்தவங்க, வீட்டோட நிஜ நிலைமையைவிட அதிகமா ஏமாந்து போறாங்க.

இங்க எல்லாரும் அவசரப்பட்டு செய்யறது, ஊறின சுவர் மேலயே பெயின்ட் அடிக்கறது. சில வாரத்துல திரும்பவும் பொரிஞ்சுடும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம்னா குழாய் இணைப்பையும் டைல்ஸ் இடுக்கையும் முதல்ல பாருங்க. கசிவை அடைச்சு, பொரிஞ்சதைச் சுரண்டி எடுத்து, சுவர் நல்லா காய்ஞ்சதுக்கப்புறம்தான் பட்டி, பெயின்ட். டைல்ஸ் கறைக்கு ஒரு நாள் வேலை. முடிஞ்சதும் பகல் வெளிச்சத்துல புதுப் படம் எடுத்துப் போடுங்க. முதல் படம் ஹாலா இருக்கட்டும். அபார்ட்மென்ட் கேட் படம் யாருக்கும் எதையும் சொல்லாது.

அப்ப வாடகையைக் குறைக்கவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. பார்வை இருந்தும் போன் வரலைன்னா, படமும் விவரமும் சரியா இருந்தா, அதே தெருவுல அதே அளவு வீடுகளைப் பாத்துட்டு தயங்காம குறைங்க. 11 மாச ஒப்பந்தத்துல 1,000 குறைச்சா போறது 11,000. இந்த வீடு அரை மாசம் காலியா கிடந்தாலே 12,000 போயிடும். ஒப்பிடும்போது மெயின்டனன்ஸையும் சேர்த்து ஒப்பிடுங்க. வாடகைக்கு வர்றவங்க மாசா மாசம் கையை விட்டுப் போற மொத்தத்தைத்தான் பாப்பாங்க, இங்க அது 26,000.

அட்வான்ஸையும் பாருங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017ல வந்தது, 2019லேர்ந்து நடைமுறையில இருக்கு. தனியா ஒப்புக்கிட்டா ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு அது சொல்லுது. பத்து மாசம்ங்கற பழைய பழக்கத்தை இன்னும் பிடிச்சுட்டு இருந்தா, அந்தக் காரணமும் போன் வராத கணக்குலதான் தெரியும்.

[திரையில்: ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 8 வரை. பார்வை 210. குடும்பங்கள் 5. வந்தவங்க 4. ரெண்டாம் தடவை வந்தவங்க 2.]

சுவரைச் சரிபண்ணி புதுப் படம் போட்டதுக்கு அப்புறம் வந்த கணக்கு இது. எண்கள் சின்னதா இருக்கேன்னு பயப்படாதீங்க, இது ஆடி மாசம். பல குடும்பங்கள் ஆடியில பால் காய்ச்ச மாட்டாங்க, மார்கழியிலயும் அப்படித்தான். இந்த ரெண்டு மாசத்து எண்ணிக்கையை ஜூனோட ஒப்பிட்டா தப்பான முடிவுக்கு வருவீங்க. ஒரு தடவை வந்தவங்கள்ல எத்தனை பேர் வீட்டுக்காரம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுத் திரும்ப வந்தாங்கன்னு பாருங்க. நாலுல ரெண்டு பேர் திரும்பி வந்திருக்காங்க. வீட்டுக்குள்ள இருந்த குறை தீர்ந்ததுக்கு இதைவிட வேற அடையாளம் வேண்டாம்.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றார்: "வீடு பிடிச்சிருக்கு சார். ஆவணி பொறந்ததும் வர்றோம், அதுவரைக்கும் வாடகை கேக்காதீங்க." ஆகஸ்ட் 17க்கு முன்னாடி ஒன்பது பத்து நாள் வாடகை போகுதேன்னு இழுத்துப் பிடிக்காதீங்க. அந்த நாள்கள்ல வேற யாரும் குடிவரப் போறதும் இல்லை. டோக்கனை வாங்கிட்டு, குடிவர்ற தேதியையும் வாடகை ஆரம்பிக்கிற தேதியையும் ரசீதுல எழுதிக் கொடுங்க. விளம்பரத்தை அன்னைக்கே எடுத்துடுங்க.