சென்னையிலேர்ந்து 430 கிலோமீட்டர் ஒரே ராத்திரில, கடைசி 12 கிலோமீட்டருக்கு மட்டும் மூணு நாளா?

வணக்கம் மக்களே! போன மாசம் எங்க அம்மாவுக்கு மிக்ஸி ஜார் ஒண்ணு ஆர்டர் போட்டேன். ராத்திரி 9 மணிக்கு சென்னைல கிளம்புனது காலைல 8 மணிக்கெல்லாம் எங்க ஊருக்குப் பக்கத்து டவுனுக்கு வந்துருச்சு, ட்ராக்கிங்ல பாத்து நானே அசந்துட்டேன். அங்கேர்ந்து எங்க கிராமம் வெறும் 12 கிலோமீட்டர்தான். அதுக்கு மூணு நாள்! நடந்தே போயிருந்தா மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி போய் வாங்கிட்டு வந்திருப்பேன்.

டெலிவரி பையன் சோம்பேறின்னு திட்டுறதுக்கு முன்னாடி இந்த வீடியோவை முழுசா பாருங்க, ஏன்னா இதுல சோம்பேறித்தனம் எல்லாம் இல்ல, வெறும் பெட்ரோல் கணக்கு.

(திரையில்: ஒரு பைக், ரெண்டு ரூட்)

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். டெலிவரி பண்றவருக்கு ஒரு பார்சலுக்கு 14 ரூபா, பெட்ரோல் லிட்டர் 100, பைக் மைலேஜ் 45. டவுனுக்குள்ள 18 கிலோமீட்டர் சுத்துனா 60 பார்சல் குடுத்துடலாம். 840 ரூபா வரும், பெட்ரோல் 40 போனா கையில 800. இப்ப கிராமத்து ரூட். நாலு ஊரைத் தொட்டுட்டுத் திரும்பி வர 38 கிலோமீட்டர், பார்சல் ஒன்பதே ஒன்பது. 126 ரூபா வருமானம், அதுல பெட்ரோலுக்கு 84. மிச்சம் 42 ரூபா, மூணு மணி நேர வேலைக்கு! டீயும் வடையும் சாப்ட்டா அதுவும் காலி.

அப்ப அவர் என்ன பண்ணுவாரு? ஒன்பதை வச்சுக்கிட்டுப் போக மாட்டாரு, இருபது சேரட்டும்னு வெயிட் பண்ணுவாரு. இருபது சேந்தா 280, பெட்ரோல் போக 196. என் மிக்ஸி ஜார் மூணு நாள் உக்காந்திருந்தது இதுக்குத்தான், கூட வர ஆளு தேடிக்கிட்டு இருந்திருக்கு. இதுல ஒரு கேஷ் ஆன் டெலிவரி ஆளு காட்டுல களை எடுத்துட்டு இருக்காரு, போன் வீட்ல சார்ஜ்ல கிடக்குன்னா அந்த ஒரு பார்சலுக்கு மறுபடி அவ்வளவு தூரம் போகணும், 14 ரூபாதான், ரெண்டு தடவை போனா 28 எல்லாம் கிடையாது.

அதனாலதான் சில பேரு கிளம்பாமலே "கஸ்டமர் இல்லை"ன்னு போட்டுடுறாங்க. கண்டுபிடிக்கிறது ஈஸி. உங்க போன்ல மிஸ்டு கால் இருக்காது, ஸ்டேட்டஸ் ராத்திரி 7, 8 மணிக்கு வந்திருக்கும், அதே ஊர்ல வேற யாருக்காவது பார்சல் இருந்தா அவங்களுக்கும் அதே நேரத்துல அதே ஸ்டேட்டஸ். ஆபீஸ்ல உக்காந்து மொத்தமா தட்டிருக்காங்கன்னு அர்த்தம். எனக்கும் அப்படித்தான் ஆச்சு, கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், கமெண்ட்லயும் கேக்காதீங்க.

சரி இப்ப நான் இந்த வீடியோ எடுத்ததுக்கே காரணமான மேட்டருக்கு வர்றேன். மினி பஸ்!

நிலக்கோட்டை பக்கம் காலைல பாத்திருக்கீங்களா? மல்லிகைப்பூவை விடியறதுக்கு முன்னாடியே மொட்டாப் பறிச்சாகணும், அன்னைக்கு சாயங்காலமே மலர ஆரம்பிச்சுடும், மலர்ந்த பூவுக்கு அவ்வளவா விலை கிடையாது. பறிச்ச மொட்டு சீக்கிரமா மார்க்கெட்டுக்குப் போயாகணும். ஒவ்வொரு வீட்லயும் இருக்கிறது ரெண்டு கிலோ, மூணு கிலோ. அதுக்காக ஒருத்தர் வண்டி எடுத்துட்டுப் போனா கட்டுமா? ஈரத்துணில சுத்தி, சாக்குல போட்டு, மேல கமிஷன் கடையோட ரெண்டு எழுத்தை எழுதி முதல் பஸ்ல ஏத்தி விட்டுருவாங்க. கண்டக்டர்கிட்ட ஒரு பத்து இருபது ரூபா. இன்ஜின் பக்கம் மட்டும் வைக்க விட மாட்டாங்க, சூட்டுல பூ வெந்துரும். பஸ் ஸ்டாண்டுல கடைப் பையன் நிப்பான், எழுத்தைப் பாத்துத் தூக்கிட்டுப் போயிடுவான். ட்ராக்கிங் நம்பர் இல்ல, ஓடிபி இல்ல, ஆப் இல்ல. ஏழு மணிக்கு தராசுல பூ!

திரும்பி வரும்போது அதே பஸ் காலியா வராது. மெடிக்கல்ல வாங்குன சுகர் மாத்திரை, ரிப்பேர் பண்ண போன், பம்ப் செட் ஸ்டார்ட்டர்ல புகைஞ்சு போன காண்டாக்டருக்குப் பதிலா புதுசு. ஆமா, கண்டக்டர் காண்டாக்டர் கொண்டு வர்றாரு, நோட் பண்ணிக்கோங்க, இந்த ஜோக் என்னோடது.

எப்படி இவ்வளவு சீப்புன்னா, அந்த பஸ்ஸு உங்க பூவுக்காக ஓடல. எப்படியும் ஓடப் போற பஸ்ஸு. டீசல் செலவை பயணிகள் டிக்கெட் ஏற்கனவே கட்டிருச்சு, உங்க சாக்கு வெறும் இடத்துல உக்காந்து வருது. கொரியர் பைக்கு உங்களுக்காகவே தனியா வருது, முழு பெட்ரோலும் அந்த ஒன்பது பார்சல் தலையில. இன்னொண்ணு, 1997ல தமிழ்நாட்ல மினி பஸ் திட்டம் வந்தப்போ ரூட்டே அப்படித்தான் போட்டாங்க. மொத்தம் 20 கிலோமீட்டர், அதுல 16 பஸ்ஸே போகாத ஊர் வழியா, 4 கிலோமீட்டர் மட்டும் ஏற்கனவே பஸ் ஓடுற ரோட்டுல. கிராமத்தையும் டவுனையும் தைக்கிற ஊசி மாதிரி. பார்சலுக்காகன்னு யாரும் ப்ளான் பண்ணல, ஆனா நான் பாத்ததுலயே சூப்பர் ப்ளான் இதான்.

"அப்ப ஆன்லைன் கம்பெனியெல்லாம் மினி பஸ்லயே அனுப்பலாமே ப்ரோ"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். பூ சாக்கு தொலைஞ்சா கண்டக்டரை எல்லாருக்கும் தெரியும், மறுநாள் காலைல அவர் அதே ஸ்டாப்புக்கு வந்தாகணும், அந்த முகம்தான் ரசீது. 15,000 ரூபா போன் தொலைஞ்சா யாரு பொறுப்பு? கேஷ் ஆன் டெலிவரி காசை யாரு வாங்குறது, பிடிக்கலன்னு திருப்பிக் குடுத்தா யாரு எடுத்துட்டுப் போறது? பஸ்ஸு ஸ்டாப்பு வரைக்கும்தான் வரும், வீட்டு வாசலுக்கு வராது.

இது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, நம்ம கிளை அஞ்சலகம். டவுன் துணை அஞ்சலகத்துலேர்ந்து பை கட்டி வரும், ஊர்ல கிராம அஞ்சல் ஊழியர் வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாரு. இதுல முக்கியமான விஷயம், அவருக்கு சம்பளம் பார்சல் எண்ணிக்கைக்கு இல்ல, மணிக்கணக்குக்கு. நாலு மணி நேரமோ அஞ்சு மணி நேரமோதான் வேலை, 2018ல அதுக்குத் தகுந்த மாதிரி படி நிர்ணயம் பண்ணாங்க. அதனால ஒரே ஒரு பார்சல் வந்தாலும் இருபது சேரட்டும்னு அவர் காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா சைக்கிள்லயோ பழைய டிவிஎஸ்லயோ வர்றவருகிட்ட வாஷிங் மெஷின் எதிர்பாக்காதீங்க!

பின்கோடு பத்தி ஒரே லைன்: 1972 ஆகஸ்ட் 15ல வந்தது, துணை அஞ்சலகத்துக்கும் அதுக்குக் கீழ இருக்குற கிளைகளுக்கும் ஒரே நம்பர்தான், அதனால பின்கோடை வச்சு மட்டும் உங்க ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அட்ரஸ்ல கிளை அஞ்சலகம் பேரைப் போடுங்க, தெருப் பேருக்குப் பதிலா "ரேஷன் கடை எதிர்ல"ன்னு எழுதுங்க, பகல்ல வீட்ல இருக்குற ஆளோட நம்பரைக் குடுங்க.

நான் இப்ப என்ன பண்றேன்னா, டவுன்ல தெரிஞ்ச உரக்கடை அட்ரஸுக்கே ஆர்டர் போட்டுடுறேன். கடைக்காரர் சாயங்காலம் நாலரை மினி பஸ்ல ஏத்தி விடுவாரு, ஸ்டாப்புல எங்க அம்மா நிப்பாங்க, கண்டக்டருக்கு இருபது ரூபா. போன தடவை அவர் காசு வேணாம்னுட்டாரு, அம்மா ரெண்டு முழம் பூ குடுத்து அனுப்பிருக்காங்க. உங்க ஊர் மினி பஸ்ல வந்ததுலயே விசித்திரமான சாமான் எதுன்னு கமெண்ட்ல போடுங்க, எங்க ஊர்ல ஒரு தடவை கூடையோட ஒரு சேவல் தனியா டிக்கெட் வாங்கி வந்துச்சு.