எழுதுறதுக்கு முன்னாடி ரூப்ரிக் ஷீட்ட எப்படி படிக்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கேள்வி: "சார், நான் பி.ஏ. வரலாறு முதல் வருஷம், பாளையங்கோட்டையில படிக்கேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் பகுதி ஏன் அவ்வளவு பாதிச்சுதுன்னு ஆராய்ந்து எழுதச் சொல்லி அசைன்மென்ட், 20 மார்க். கூடவே ஒரு ரூப்ரிக் ஷீட்டும் குடுத்துருக்காங்க. படிச்சா எல்லா கட்டத்துலயும் ஒரே விஷயத்ததான் சொல்லுத மாதிரி இருக்கு. ஃபுல் மார்க் வாங்க எத்தனை பக்கம் எழுதணும்?"

எதுக்கு எவ்வளவு மார்க்னு கட்டம் போட்டுச் சொல்லுத அந்த ரூப்ரிக் ஷீட்ட இந்தப் பிள்ளை போட்டோ எடுத்தும் அனுப்பிருக்கு, நல்ல காரியம். பக்கக் கணக்க முதல்ல முடிச்சிருதேன். அந்த ஷீட்டுல நாலு வரிசை இருக்கு, காரணங்களை ஆராய்தல் 8 மார்க், ஆதாரம் 6, கட்டமைப்பு 4, மொழி 2. இதுல பக்கத்துக்குன்னு ஒரு வரிசை இருக்கா? இல்லல்லா. அட்டையில ஸ்கெட்ச் பேனாவுல பூ போடுதுக்கும் வரிசை கிடையாது, பேப்பர்ல வந்த படத்த வெட்டி ஒட்டுதுக்கும் கிடையாது. வார்த்தை அளவு கேள்வித்தாள்ல குடுத்துருந்தா அதுக்குள்ள எழுதுங்க, அவ்வளவுதான். ஆராய்தலும் ஆதாரமும் சேந்தாலே 14 மார்க் வந்துருது, அப்போ உங்க நேரம் எங்கன போகணும்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

எல்லா கட்டமும் ஒண்ணு போல இருக்குன்னு சொல்லுதியள்லா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், நம்ம சேனல் தொடர்ந்து பாக்கவங்களுக்குத் தெரியும், நான் இத விடவே மாட்டேன். ஒரு கட்டத்தத் தனியா படிக்காதீங்க, அதுக்குப் பக்கத்துக் கட்டத்தோட வச்சுப் படிங்க. ஒரு வரிசைய எடுத்துக்கோங்க, கீழ் கட்டத்துல இருந்து மேல் கட்டத்துக்குப் போகும்போது எந்த வார்த்தை மாறுது, எது புதுசா சேருதுன்னு பாத்து அத மட்டும் அடிக்கோடு போடுங்க. மார்க் மாறுத இடம் அதுதான்.

இந்த ஷீட்டுலயே ஆராய்தல் வரிசையப் பாப்போம். 'சுமார்' கட்டத்துல "காரணங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன", அதுக்கு 3, 4 மார்க். 'நன்று' கட்டத்துல "காரணங்கள் விளக்கப்பட்டுள்ளன", 5, 6. 'மிக நன்று' கட்டத்துல "காரணங்களுக்கு இடையேயான தொடர்பு விளக்கப்பட்டு, அவற்றின் முக்கியத்துவம் மதிப்பிடப்பட்டுள்ளது", 7, 8. மூணுலயும் 'காரணங்கள்' இருக்கதால ஒரே மாதிரி தெரியுது, ஆனா பட்டியல், விளக்கம், தொடர்பு, மதிப்பீடுன்னு வேலை மாறிக்கிட்டே போகுது பாத்தியளா.

இப்போ இத எழுத்துல பாப்போம். "கனமழை பெய்தது, ஆற்றில் வெள்ளம் வந்தது, குளங்கள் உடைந்தன." இது பட்டியல். இதையே பத்து பக்கத்துக்கு எழுதுனாலும் பட்டியல்தான், 4 மார்க்குக்கு மேல போகாது. அடுத்து, 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்துலயே 60 செ.மீ.க்கு மேல, அவ்வளவு மழைய அங்க உள்ள குளமும் வாய்க்காலும் தாங்காதுன்னு எழுதுனா ஒரு காரணத்த விளக்கிட்டீங்க, 'நன்று' கட்டத்துக்கு வந்துட்டீங்க. அதோட நிறுத்திராதீங்க. ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணியில கடைசி அணைக்கட்டு, அதத் தாண்டுன தண்ணி புன்னக்காயல் பக்கம் கடலுக்குப் போகணும். மேல இருந்து ஆத்துல தண்ணி நெறஞ்சு வருது, அதே நேரத்துல ஊருக்குள்ளயும் மழை கொட்டுது, ஆறு நெறஞ்சு ஓடும்போது ஊர்த் தண்ணி ஆத்துக்குள்ள வடியவே முடியாது. ரெண்டு காரணத்தையும் கோத்துட்டீங்கல்லா, அதுதான் தொடர்பு. பெறவு, இதுல எது பெருசு? ஆத்தோட மேல்பகுதியில இருக்க பாபநாசம் அணை தனக்கு மேல பெஞ்ச மழையத்தான் பிடிச்சு வைக்க முடியும், ஸ்ரீவைகுண்டத்துல பெஞ்ச மழை அணைக்கு ரொம்பக் கீழ, அதனால அணையத் தொறந்து விட்டதுதான் முழுக் காரணம்னு சொல்ல முடியாதுன்னு எழுதுங்க, அது மதிப்பீடு. நாலஞ்சு வரி கூடுச்சு, அவ்வளவுதான், ஆனா கட்டம் மாறிட்டு.

அந்த மேல் கட்டத்துல ரெண்டு நிபந்தனை இருக்குதையும் கவனிங்க. தொடர்பும் வேணும், மதிப்பீடும் வேணும். ஒண்ணு மட்டும் இருந்தா திருத்துதவங்க 6 போடலாமா 7 போடலாமான்னு யோசிப்பாங்க, 8 வராது. எங்க டிபார்ட்மென்ட்ல நானும் இன்னொரு மேடமும் ஒரே பேப்பரத் தனித்தனியா திருத்துனோம், அவங்க 14, நான் 11. என்னடா இதுன்னு டீயும் வடையும் வாங்கி வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரிசையா பேசுனோம், மத்ததெல்லாம் ஒத்துப் போச்சு, ஆதார வரிசையில மட்டும் தகராறு. பையன் மழை அளவு, பத்திரிகைச் செய்தி எல்லாம் கடைசிப் பக்கத்துல அட்டவணையா போட்டுருந்தான். மேடம் "ஆதாரம் இருக்கே சார்"ங்காங்க. கட்டத்துல என்ன இருக்குன்னா, 'நன்று'ல "நம்பகமான ஆதாரங்கள் காட்டப்பட்டுள்ளன", 'மிக நன்று'ல "ஆதாரங்கள் வாதத்தோடு இணைக்கப்பட்டுள்ளன". பையன் காட்டிருக்கான், இணைக்கல. பக்கத்துக் கட்டத்தோட வச்சுப் படிச்ச பெறவுதான் மேடம் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பையன் அதே மழை அளவ "அதனால குளம் தாங்கல"ங்கிற வரிக்குப் பக்கத்துல வச்சுருந்தா எங்களுக்குள்ள பேச்சே வந்துருக்காது.

இன்னொண்ணு, ரூப்ரிக் இருக்குன்னு கேள்விய விட்டுறக் கூடாது. கேள்வியில 'விவரி'ன்னு இருக்கா, 'ஆராய்க'ன்னு இருக்கா, எதப் பத்திக் கேக்குதுன்னு பாத்துட்டுத்தான் இதப் படிக்கணும். கேள்வி ஸ்ரீவைகுண்டம் பகுதியப் பத்தி, நீங்க திருநெல்வேலி ஜங்ஷன்ல தண்ணி நின்னதப் பத்தி எவ்வளவு அழகா தொடர்பு காட்டுனாலும் அது சேராது.

எத்தனை பக்கம்ங்கிறத விட்டுட்டு, "நான் எழுதுன எந்தப் பத்தி எந்த வரிசைக்கு மார்க் வாங்கும்"னு கேட்டுருந்தியன்னா நான் துள்ளிருப்பேன். ஏன்னா அதுக்கு வழி இருக்கு. டிராஃப்ட் முடிச்சதும் பென்சில் எடுத்து ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்துல வரிசைப் பேர எழுதுங்க, பக்கத்துலயே எந்தக் கட்டம்னும் எழுதுங்க, 'ஆராய்தல், சுமார்' அப்படின்னு. நம்ம பிள்ளைகள்ல நெறைய பேரு பொதிகை மலையில ஆறு உற்பத்தி ஆகுதுல தொடங்கி ரெண்டு பக்கம் பெருமை எழுதிட்டுத்தான் வெள்ளத்துக்கே வருதாங்க. பெருமை உண்மைதான், எனக்கும் அந்த ஆத்து மேல அவ்வளவு பிரியம் உண்டு, ஆனா ஓரத்துல என்ன வரிசைப் பேரு எழுதுவீங்க? எழுத முடியாத பத்திய ரெண்டு வரியா சுருக்குங்க. 'சுமார்'னு போட்ட பத்திய மட்டும் திருப்பி எழுதுங்க, மொத்தத்தையும் வேண்டாம்.

சில வார்த்தைய எவ்வளவு ஒப்பிட்டுப் படிச்சாலும் பிடிபடாது. உங்க ஷீட்டுல கட்டமைப்பு வரிசையில "பொருத்தமான அமைப்பு"ன்னு போட்டுருக்கு, எது பொருத்தம்னு அந்த ஷீட்டுல எங்கயும் இல்ல. அத உங்க டீச்சர்கிட்டதான் கேக்கணும். "பொருத்தம்னா என்ன மேடம்"னு வெறுங்கையோட போகாதீங்க, "ஒவ்வொரு காரணத்துக்கும் தனித் தலைப்பு போட்டு எழுதலாமா, இல்ல 17, 18ஆம் தேதின்னு நாள் வரிசையில எழுதலாமா, உங்களுக்கு எது சரி"ன்னு ரெண்டு மாதிரியும் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்க. சப்மிட் பண்ண ஒரு வாரத்துக்கு முன்னாடியே போங்க, முந்தின நாள் சாயந்திரம் போனா அவங்களும் பாவம், உங்களுக்கும் மாத்தி எழுத நேரம் இருக்காது.