வேலை கிடைத்த பிறகு கேட்கும் பணம்

(ஓமலூரில் பட்டதாரிகளிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி, தங்கைகளே, பெற்றோரே, வணக்கம்.

வேலை தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிக்கு உதாரணமாக நம் காமலாபுரம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். பி.காம். முடித்த ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சேலம் ஏர்போர்ட்டில் வேலை, மாதம் 26,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,550.' கட்டுகிறாள். போனிலேயே ஐந்து நிமிடம் பேசிவிட்டு, 'செலக்ட் ஆகிவிட்டீர்கள்' என்கிறார்கள். முத்திரையும் கையெழுத்துமாகப் பணி ஆணை வருகிறது. அப்புறம் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் 6,500. அடுத்து, 'முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவோம்' என்று 12,800 முன்பணம். மொத்தம் 20,850 போய்விட்டது.

முதலில் ஏன் சின்னத் தொகை? நீங்கள் கட்டுகிற ஆளா என்று பார்க்கத்தான். கட்டிய பிறகு, விட்டதைப் பிடிக்கவாவது அடுத்ததைக் கட்டுவோம் என்று நம் மனமே நம்மை இழுக்கும். 'திருப்பித் தருவோம்' என்ற சொல்லை நம்பித்தான் பெரிய தொகையைக் கட்டுகிறோம். கடைசியில் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறவே 'வரி கட்டுங்கள்' என்பார்கள்.

டிஎன்பிஎஸ்சி-யும் கட்டணம் வாங்குகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது தேர்வுக் கட்டணம். விண்ணப்பிக்கும்போதே, அரசின் சொந்த இணையதளத்தில் கட்டுவது. வேலை கிடைக்கும் என்று அதில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, வேலையில் சேரப் பணம் கேட்டால் அது மோசடி. தனியார் நிறுவனமென்றால் எந்தக் கட்டத்திலும் கட்டக் கூடாது.

பணி ஆணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முத்திரையோடு அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள். பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஜிபேயில் எண்ணைப் போட்டதும் பெறுபவரின் பெயர் திரையில் வரும். விமான நிறுவனத்துக்குக் கட்டுவதாகச் சொன்ன இடத்தில் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்' என்றாலும் போடாதீர்கள். யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை.

சரி, கட்டியாகிவிட்டது என்றால்? உடனே சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எப்போது அனுப்பியது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் எது என்று கேட்பார்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்தப் பணம் இன்னும் மோசடிக்காரர்களின் கணக்கில் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. வேறு கணக்குகளுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் மீட்பது ரொம்பக் கடினம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா திட்டுவாரே என்று பிள்ளைகள் இரண்டு நாள் மறைக்கிறார்கள். அந்த இரண்டு நாளில்தான் பணம் கைமாறிவிடுகிறது. பிள்ளை வந்து சொன்னால், கோபத்தை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் 1930-க்குப் போடுங்கள்.