வெளிநாட்டுக் கார்டு மெஷின் ரூபாயில் கட்டச் சொன்னால் என்ன செய்வது?

திரை: கார்டு மெஷினின் நெருக்கமான காட்சி.

சிங்கப்பூரில் ஒரு கடை. பில் 200 டாலர். இந்திய வங்கியின் கிரெடிட் கார்டைச் செருகியதும் மெஷினில் இரண்டு தொகைகள் வருகின்றன. ஒன்று SGD 200.00. இன்னொன்று INR 13,800.00. எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கிறது. எவ்வளவு போகிறது என்று உடனே தெரிகிறதே என்று பலருக்கும் கை ரூபாய் பக்கம்தான் போகும்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களே அது எந்த வங்கியின் கார்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்துத்தான் மெஷின் ரூபாயில் கேட்கிறது. டாலரை ரூபாயாக மாற்றுவது நம் வங்கி இல்லை. அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியோ, அதோடு சேர்ந்து வேலை செய்யும் நிறுவனமோதான் மாற்றுகிறது. விகிதத்தை வைப்பதும் அவர்களே. அதில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பாலும் கடைக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லாவில் இருப்பவர் "ரூபாய்தானே சார்?" என்று அன்பாகக் கேட்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

திரை: இரண்டு பில்கள் பக்கத்தில் பக்கத்தில்.

சரி, கணக்குப் போடுவோம். வசதிக்காக அன்றைக்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு விகிதம் ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

டாலரில் கட்டினால் 200 டாலர் 13,000 ரூபாய் ஆகிறது. அதன் மேல் நம் வங்கி ஃபாரெக்ஸ் மார்க்கப் என்று ஒரு கட்டணம் போடும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம், அதாவது 455 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 82 ரூபாய். மொத்தம் 13,537.

ரூபாயில் கட்டினால் மெஷின் காட்டியது 13,800. அதை 200-ஆல் வகுத்தால் டாலருக்கு 69 ரூபாய். "கமிஷன் இல்லை" என்று எழுதியிருந்தாலும் அந்த 4 ரூபாய்க்குள்தான் கமிஷன் ஒளிந்திருக்கிறது. இதோடு முடிந்தால் பரவாயில்லை. பணம் ரூபாயில் போனாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால், இந்திய வங்கிகள் பல இதற்கும் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. அது 1 சதவீதம் என்றால் 138 ரூபாய், ஜிஎஸ்டி 25 ரூபாய். மொத்தம் 13,963.

ஒரே பொருளுக்கு 426 ரூபாய் அதிகம். ஃபாரெக்ஸ் மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு அடி இன்னும் பெரியது. டாலரில் கட்டியிருந்தால் 13,000 ரூபாயோடு முடிந்திருக்கும். ரூபாயை அமுக்கினால் அந்தக் கார்டு வாங்கியதன் பயனே போய்விடுகிறது.

எப்போதுமே டாலர்தான் லாபமா? இல்லை. டிசிசி விகிதத்தில் வெறும் 2 சதவீதம்தான் ஏற்றியிருக்கிறார்கள், ரூபாயில் கட்டியதற்கு நம் வங்கியும் தனிக் கட்டணம் எதுவும் பிடிக்காது என்றால், 3.5 சதவீத மார்க்கப் உள்ள கார்டுக்கு ரூபாய் மலிவாக இருக்கும். ஆனால் அப்படி அமைவது அபூர்வம். சந்தேகம் இருந்தால் விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் அன்றைய விகிதம் பார்க்கும் கால்குலேட்டர் இருக்கிறது. மெஷின் விகிதத்தை அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

திரை: ஏடிஎம்.

ஏடிஎம்மில் கேள்வி கொஞ்சம் மிரட்டுகிற மாதிரி வரும். ஒரு பக்கம் ACCEPT CONVERSION, இன்னொரு பக்கம் DECLINE CONVERSION. இரண்டாவதை அமுக்கினால் பணமே வராதோ என்று பயம் வரும். பணம் வரும். வேண்டாம் என்று சொல்வது மாற்றத்தை மட்டும்தான். மறுபடியும் ஒருமுறை கேட்டால், மறுபடியும் அதையே அமுக்குங்கள்.

திரை: அச்சாகி வரும் ஸ்லிப்.

கடையில் வரும் சிக்கல் வேறு மாதிரி. உங்களைக் கேட்காமலே ஊழியர் ரூபாயை அமுக்கிவிடுவார். ஸ்லிப்பில் INR தொகையும், மாற்று விகிதமும், "எனக்குத் தேர்வு தரப்பட்டது, நான் ஒப்புக்கொண்டேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தால் டிசிசி நடந்துவிட்டது என்று அர்த்தம். கையெழுத்துப் போடாதீர்கள். அங்கேயே நின்று, பரிவர்த்தனையை ரத்து செய்து டாலரில் மறுபடி போடச் சொல்லுங்கள். அன்றைய கணக்கு முடிவதற்குள் அவர்களால் அதை எளிதாகச் செய்ய முடியும். கடையை விட்டு வந்தபின் பணம் திரும்பினாலும், திருப்பித் தரும் நாளின் விகிதத்தில் குறைந்து வரலாம்.

வாடிக்கையாளர் விருப்பம் கேட்காமல் மாற்றக்கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு விதி. எனவே கடைக்காரர் மறுத்தால், கேட்கவில்லை என்று ஸ்லிப்பிலேயே எழுதி, படம் எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் உங்கள் வங்கியில் புகார் கொடுக்கலாம்.

ஹோட்டலில் மட்டும் முன்னாலேயே உஷாராக இருங்கள். செக்-இன் படிவத்தின் சின்ன எழுத்துக்களில் இந்தச் சம்மதத்தையும் சேர்த்திருப்பார்கள். செக்-அவுட் அன்று கார்டை மறுபடி கேட்காமலேயே ரூபாயில் எடுத்துவிடலாம். படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, உள்ளூர்ப் பணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வரவேற்பில் சொல்லிவிட்டே சாவியை வாங்குங்கள்.