சோற்றோடு போன ரசம்

நேயர்களுக்கு வணக்கம். பேலியோ, கீட்டோ என்று சோற்றை நிறுத்தியவர்கள் முதல் வாரம் என்னிடம் வந்து, "மூணு கிலோ குறைஞ்சிட்டேன்" என்பார்கள். அடுத்த வாரம் குரலைத் தாழ்த்தி, "வெளிக்கிதான் சரியாப் போகலை" என்பார்கள்.

அப்படி வந்த ஒருவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் வெண்ணெய் போட்ட டீ, மத்தியானம் நாலு முட்டை, சாயங்காலம் பனீர், ராத்திரி சிக்கன். நாள் முழுக்கச் சாப்பிட்ட நார்ச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம்! முட்டையிலும் கறியிலும் வெண்ணெயிலும் நார்ச்சத்தே கிடையாது. "பொரியல் என்ன ஆச்சு?" என்றேன். "சோறே இல்லை, பொரியல் எதுக்கு மேடம்?" என்றார். அவர் விட்டது சோற்றை மட்டும்தான். ஆனால் அதற்குத் தொட்டுக்கொண்ட காயும், ஊற்றிக்கொண்ட ரசமும் மோரும் கூடவே போய்விட்டன. வேகவைத்த சோற்றிலேயே முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான், பாருங்கள்.

இன்னொன்று. நம் உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரை, கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அந்தச் சர்க்கரை கரையும், தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரம் குறைந்த மூணு கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். குடல் என்ன செய்யும்? மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் ஆட்டுப்புழுக்கை மாதிரி ஆகிவிடும்.

நம்மவர் தானாகவே இசப்கோல் வாங்கி, இரண்டு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். வயிறு கல்லாகிவிட்டது! நார்ச்சத்து பஞ்சு மாதிரி, நனைந்தால்தான் வேலை செய்யும். ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, முழு டம்ளர் தண்ணீரோடு குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்கச் சொன்னேன். மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி.

மத்தியானமும் ராத்திரியும் தட்டில் பாதி கீரை, வெண்டைக்காய், அவரை, முட்டைக்கோஸ். முட்டையைத் தனியாகச் சாப்பிடாமல் கீரையோடு பொரித்துக்கொள்ளலாம். பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டியில் சுமார் இரண்டு கிராம் நார்ச்சத்து உண்டு, மாவுச்சத்து மிகக் குறைவு. ஆனால் இதெல்லாம் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அரிசி இல்லாத ரசமும் உப்பு போட்ட எலும்பு சூப்பும் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். பத்து நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது.

ரெண்டு நாளுக்கு ஒருமுறை போனாலும் இளகலாக, சிரமமில்லாமல் போனால் அது மலச்சிக்கல் இல்லை. சாப்பாட்டில் சக்கை குறைந்தால் கழிவும் குறையும், அவ்வளவுதான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள்... ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்த உணவுமுறையையே கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிற்றுவலி, காற்றுகூடப் பிரியாமை, இதில் எது இருந்தாலும் இசப்கோலைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.