மாதக் கணக்கில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். வாடகைக்கு விட்ட வீடுகளை உரிமையாளர்களுக்காகக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புவேன். வரவு, செலவு, பழுது, அடுத்து வரப்போகும் பிரச்சினை எல்லாம் அதில் இருக்கும்.

சிராங்கூன் பக்கம் ஒரு கொண்டோவில் வீடு வைத்திருக்கும் ஓர் அக்கா, ஒரு மாதம் அறிக்கை போன அன்றைக்கே அழைத்தார். "தம்பி, வாடகை 3,800 வெள்ளி. எனக்கு வந்தது 2,270. மிச்சம் எங்கே போச்சு?"

கணக்கில் பிழை இல்லை. என் கட்டணம் 200, தண்ணீர் சூடாக்கி மாற்றியதில் அவர் பங்கு 280, நிர்வாகக் கழகத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் 1,050. அந்தக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போவது. நான் அதை விளக்காமல், எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். மாதத்துக்கு 350 என்று பிரித்துப் பார்த்தால் அவருக்கு அந்த மாதம் நின்றது 2,970. அன்றிலிருந்து இரண்டு எண்களையும் போடுகிறேன்: கைக்கு வந்தது ஒன்று, அந்த மாதத்துக்கு உரியது ஒன்று. முன்பணம் 7,600 வெள்ளியை வரவுப் பக்கமே கொண்டுவருவதில்லை. அது குடியிருப்பவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்.

வரவு செலவு அவ்வளவுதான். தகராறு பெரும்பாலும் பழுது வரியில்தான் வரும். "ஏர்கான் பழுது, 90 வெள்ளி" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. என்ன கண்டார்கள், காரணம் என்ன, யார் கொடுப்பது, அதற்கு என்ன சான்று என்ற நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் படுக்கையறை ஏர்கான் சொட்டியது. தொழிலாளி மூடியைக் கழற்றியபோது தண்ணீர் வடியும் குழாயில் வழுவழுவென்று பாசி அடைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ரசீது கேட்டேன். கடைசி ரசீதுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், 90 வெள்ளியைக் குடியிருப்பவரே கொடுத்துவிட்டார். அதே சொட்டல், சுவருக்குள் ஓடும் குழாயின் உறை நைந்துபோனதால் வந்திருந்தால் பேச்சு வேறு. அது வயதான கருவி, செலவில் பெரும்பகுதி உரிமையாளருடையது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சொட்டுதான். அதனால்தான் மூடியைக் கழற்றாமல் காரணம் எழுதக் கூடாது என்பேன்.

சூடாக்கிக்கு ஆன செலவு 480. ஒரு பழுதுக்கு முதல் 200 வெள்ளி குடியிருப்பவர் பங்கு, அதற்கு மேல் உரிமையாளர் என்பது அவர்கள் ஒப்பந்தம். 280 அப்படி வந்தது. இந்தத் தொகை எல்லா ஒப்பந்தத்திலும் ஒன்றாக இருக்காது. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

இனி வரப்போவது. சூடாக்கியைக் கழற்றக் குளியலறைப் பொய்க்கூரையைத் திறந்தபோது, மேலே கான்கிரீட்டில் கைக்குட்டை அளவு ஈரம் தெரிந்தது. சூடாக்கி கசிந்ததால்தான் என்று குழாய்க்காரர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால் கோட்டைத் தாண்டி நான்கு சென்டிமீட்டர் பரவியிருந்தது. பழைய சூடாக்கிதான் போய்விட்டதே! அப்படியானால் தண்ணீர் மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து வருகிறது என்று தோன்றியது.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கொண்டோவில் இப்படிக் கூரையில் ஈரம் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீவக வீடுகளில் அப்படி இல்லை, மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அக்காவிடம் இருந்தது கொண்டோ. எனவே "கூரையில் கசிவு" என்று எழுதி நிறுத்தாமல், இரண்டு தேதி, இரண்டு படம், நான்கு சென்டிமீட்டர் என்று எழுதி, நிர்வாக அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மேல்வீட்டில் தரையில் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதிக்க நாளும் குறித்தோம்.

அக்கா மறுபடி அழைத்தார். "இதுக்கு நான் எவ்வளவு எடுத்து வைக்கணும், தம்பி?" இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், சோதனை முடியும்வரை பொய்க்கூரைப் பலகையை மட்டும் மூட வேண்டாம் என்றேன். அடுத்த மாத அறிக்கையின் முதல் வரி அந்தச் சோதனையின் முடிவுதான்.