நாடுகளின் சராசரியும் தனிமனிதரின் இதயமும்

நேயர்களுக்கு வணக்கம்.

"கொழுப்பு அதிகம் சாப்பிடும் நாடுகளில் மாரடைப்புச் சாவு அதிகம்." "கொழுப்பு அதிகம் சாப்பிடுகிறவருக்கு மாரடைப்பு அபாயம் அதிகம்." இரண்டும் ஒரே செய்தி போலக் காதில் விழுகிறது. ஆனால் முதல் வாக்கியம் நாட்டைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. முதலாவது உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பொய்யாக இருக்க முடியும். முன்னதை வைத்துப் பின்னதை முடிவுகட்டுவதைத்தான் புள்ளியியலில் இகாலஜிக்கல் ஃபேலசி என்கிறார்கள்.

இதற்கு மிகவும் பேசப்பட்ட உதாரணம் 1953இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் வெளியிட்ட ஒரு வரைபடம். ஜப்பான், இத்தாலி, இங்கிலாந்து-வேல்ஸ், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என ஆறு இடங்கள், ஆறு புள்ளிகள். கிடை அச்சில், உணவின் மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு. நெடு அச்சில், நடுவயது ஆண்களின் இதயநோய்ச் சாவு விகிதம். ஜப்பான் கீழ் மூலையில், அமெரிக்கா மேல் மூலையில். நடுவே மற்றவை ஒழுங்காக ஏறிப்போயின.

1957இல் யெருஷல்மி, ஹில்லபோ என்ற இருவர் இதற்கு மறுப்பு எழுதினார்கள். புள்ளிவிவரம் கிடைத்த 22 நாடுகளையும் எடுத்துக்கொண்டால் அந்த ஒழுங்கு குலைகிறது, தொடர்பு பலவீனமாகிறது என்று காட்டினார்கள். கொழுப்பைவிட விலங்குப் புரதத்துக்கும் இதயநோய்க்கும் இடையே தொடர்பு வலுவாகத் தெரிந்தது. விலங்குக் கொழுப்பு அதிகமான நாடுகளில் இதயநோய் அல்லாத மற்ற சாவுகள் குறைவாக இருந்ததும் தெரிந்தது. அதாவது, வசதியான நாடுகளின் பல அடையாளங்களில் கொழுப்பும் ஒன்று.

பெரும்பாலும் கதை இங்கேயே நின்றுவிடுகிறது: ஆறு நாடு எடுத்தது தப்பு, 22 எடுத்திருக்க வேண்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாடுகளைக் கூட்டுவதால் இந்தப் பிழை தீராது. 22 புள்ளிகளும் ஒரே கோட்டில் அமர்ந்திருந்தால்கூட, யார் என்ன சாப்பிட்டார், யார் இறந்தார் என்ற செய்தி அந்த வரைபடத்தில் இல்லை.

எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள். மூன்று நாடுகள், ஒவ்வொன்றிலும் 10,000 ஆண்கள். முதல் நாட்டில் 20 சதவீதம் பேர் கொழுப்பு மிகுந்த உணவுக்காரர்கள், சாவு 20. இரண்டாவதில் 50 சதவீதம், சாவு 40. மூன்றாவதில் 80 சதவீதம், சாவு 60. மூன்று புள்ளிகளும் பிசகில்லாமல் ஒரே கோட்டில் வரும். அந்தக் கோட்டை இரு பக்கமும் நீட்டினால், கொழுப்பு உண்பவரே இல்லாத நாட்டில் சாவு ஏறத்தாழ 7, எல்லோரும் உண்ணும் நாட்டில் 73 என்று வரும். "கொழுப்பு உண்பவருக்கு அபாயம் 11 மடங்கு" என்று எழுதிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் போவோம். மூன்றாம் நாட்டில் கொழுப்பு உண்ணும் 8,000 பேரில் இறந்தவர்கள் 48. மற்ற 2,000 பேரில் 12. இரு பக்கமும் ஆயிரத்துக்கு 6. இரண்டாம் நாட்டில் 5,000 பேரில் 20, மற்ற 5,000 பேரிலும் 20, ஆயிரத்துக்கு 4. முதல் நாட்டில் 2,000 பேரில் 4, மற்ற 8,000 பேரில் 16; ஆயிரத்துக்கு 2. எந்த நாட்டிலும் கொழுப்பு உண்பவருக்கு ஒரு சாவுகூடக் கூடுதல் இல்லை. வெளியே 11 மடங்கு, உள்ளே வித்தியாசமே இல்லை. நாட்டுக்கு நாடு மாறியது அடிப்படை அபாயம். அது புகைப்பழக்கமாக இருக்கலாம், உடலுழைப்பு குறைந்ததாக இருக்கலாம், சிகிச்சையாக இருக்கலாம்.

கவனியுங்கள்: நாட்டுப் புள்ளிவிவரம் தந்தது 8,000 என்ற எண்ணையும் 60 என்ற எண்ணையும் மட்டுமே. அந்த 60 பேர் 8,000க்குள் எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்பது தொலைந்துபோன செய்தி. எந்தக் கணக்கு முறையாலும் அதை அந்த இரண்டு எண்களிலிருந்து மட்டும் மீட்க முடியாது. "சராசரி புகைப்பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டோம்" என்று சொல்வதும் உதவாது. புகைப்பவரும் கொழுப்பு உண்பவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா என்பதும் சராசரியில் தெரியாதே.

கற்பனை எண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக் காட்டியது இதைவிட மோசம். மாநில அளவில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடத்தில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்றே அதிகம். திசையே தலைகீழ். உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில்தான் வெளிநாட்டில் பிறந்தவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள்.

உணவு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டு அளவிலான "கொழுப்பு" எண் பெரும்பாலும் யாரும் சாப்பிட்டதை அளந்து வந்ததல்ல. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, கால்நடைத் தீவனம், விதை, சேதம் ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுத்த எண் அது. வெட்டி எறிந்த இறைச்சிக் கொழுப்பும், பொரித்த பிறகு கொட்டிய எண்ணெயும் அதில் உண்டு. சாவுப் பக்கமும் அப்படித்தான்: திடீரென இறந்தவருக்கு ஒரு நாட்டு மருத்துவர் இதயநோய் என்று எழுதுவார், இன்னொரு நாட்டில் வேறு காரணம் எழுதுவார்கள்.

கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்தது. 40 முதல் 59 வயதுவரையான 12,763 ஆண்கள், 16 குழுக்கள். ஒவ்வொருவரையும் நேரில் பரிசோதித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். ஆனால் உணவைத் துல்லியமாக அளந்தது, பெரும்பாலான குழுக்களில் சிறு பகுதியினரிடம் மட்டும். ஆகவே நெய், வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் அதிகமுள்ள நிறைவுற்ற கொழுப்புக்கும் இதயநோய்க்கும் அந்த ஆய்வு காட்டிய புகழ்பெற்ற தொடர்பு, இன்னமும் 16 சராசரிகளுக்கு இடையிலான தொடர்புதான்.

ரத்தக் கொலஸ்ட்ராலையோ ஆளுக்கு ஆள் அளந்திருந்தார்கள். அதனால் 25 ஆண்டுகள் கழித்து நாட்டுக்குள்ளும் பார்க்க முடிந்தது, நாடுகளுக்கு இடையிலும் பார்க்க முடிந்தது. கொலஸ்ட்ரால் ஏற ஏற அபாயம் ஏறும் வீதம் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. ஆனால் ஒரே அளவு கொலஸ்ட்ரால், டெசிலிட்டருக்குச் சுமார் 210 மில்லிகிராம் உள்ளவர்களை ஒப்பிட்டால், ஜப்பானிலும் மத்தியதரைக் கடலோரத் தென் ஐரோப்பாவிலும் 4 முதல் 5 சதவீதம் பேர் இதயநோயால் இறந்திருந்தார்கள். வட ஐரோப்பாவில் சுமார் 15 சதவீதம். நாடுகளுக்கு இடையே தெரியும் பள்ளத்தை முழுவதும் கொலஸ்ட்ரால் கணக்கில் எழுதியிருந்தால் தவறாகியிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, கொழுப்பால் ஒன்றும் ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்திசையிலும் ஒரு பிழை காத்திருக்கிறது. ஒரே நாட்டுக்குள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சாப்பிட்டால், ஒப்பிட ஆள் கிடைக்காது. ஒருவரிடம் ஒரே ஒரு நாள் உணவைக் கேட்டு எழுதினால், அவர் நாளுக்கு நாள் மாற்றிச் சாப்பிடுவது உண்மையான தொடர்பை மங்கடித்துவிடும். "நாட்டுக்குள் தொடர்பு தெரியவில்லை" என்பதும் அதனால் கடைசி வார்த்தை ஆகாது. நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவது, ஆட்களுக்கு அளந்த உணவை வாரக்கணக்கில் கொடுத்து, கொழுப்பின் வகையை மட்டும் மாற்றி, அவரவர் ரத்தத்தையே முன்னும் பின்னும் சோதித்த ஆய்வுகளால்தான். அவற்றில் உண்டவரும் சோதிக்கப்பட்டவரும் ஒரே ஆள்.